மண்டபத்துப் பீலி

எங்கள் பங்கு மண்டபத்தின் கிழக்குச் சுவரைப் பற்றி நாங்கள் மூன்று மாரிகாலம் கூட்டம் கூடிப் பேசினோம். மழை பெய்தால் கூட்டம் தள்ளிவைக்கப்படும். தலைவருக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது. மற்றவர்களுக்குத் தலைவர் இல்லாத கூட்டத்தில் வாய் திறக்கத் தெரியாது. ஆகவே மழையால் கெட்டுப்போன ஒரு சுவரை, மழை பெய்யாத பின்னேரங்களில் மட்டும், மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டிருந்து ஆராய்ந்தோம். மழைக்குள் போய் அந்தச் சுவரை ஒருமுறை பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அந்தக் கட்டடக் குழுவின் செயலாளர். முப்பது வருடம் வர்த்தகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் எழுத்து அழகாக இருக்கும் என்பதுதான். வேறு எந்தத் தகுதியும் என்னிடம் கேட்கப்படவில்லை, நானும் காட்டவில்லை.

மண்டபம் ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில் இருக்கிறது. முன்வாசலில் நின்றால் உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். அறுபது அடி நீளம், இரண்டு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை. கிழக்குப் பக்கம் ஒரு பெரிய வாகை மரம். முன்னால் குகை மாதிரிக் கல்லால் கட்டிய மாதா கெபி. முன்பெல்லாம் கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீண்டிருக்கும். மழைக்கு ஊருக்குள் திரியும் மான்கள் அதன் கீழ் வந்து ஒதுங்கி நிற்கும். கூரையோரத்தில் மழைத் தண்ணீரை ஏந்தும் பழைய தகரப் பீலி ஒன்று ஓடியது. கெபிப் பக்க மூலையில் ஒரு குழாய் அந்தத் தண்ணீரை நிலத்துக்கு இறக்கி, வடிகானுக்குள் விட்டுவிடும். அது பார்க்க அழகில்லாத ஏற்பாடு. ஆனால் சுவர் காய்ந்திருந்தது.

பிறகு எங்கள் தலைவர் வந்தார். பொறியியல் பகுதியொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் "சைற்றிலதான் இருந்தனான்" என்பார். களஞ்சியப் பொறுப்பாளரும் சைற்றில்தான் இருப்பார். தேநீர் போடுகிறவரும் சைற்றில்தான் இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா வைத்திருந்தார். அவர் அதை இழுத்து எதையும் அளந்ததை நான் காணவில்லை. பேசும்போது கையில் எடுத்து உருட்டுவார்; கேட்கிறவர்கள் அடங்கிவிடுவார்கள்.

கூரை மரங்களின் நுனிகள் உக்கியிருந்தன. புது மரம் போட்டு ஒட்டியிருக்கலாம். தலைவர் உக்கிய நுனிகளை வெட்டிவிடச் சொன்னார். கூரை சுருங்கி, சுவருக்கு வெளியே ஒரு சாண் மட்டும் மிஞ்சியது. தகரப் பீலி போய் வெள்ளைப் பிளாஸ்டிக் பீலி வந்தது. முன்விளிம்பு உயர்ந்த, பூவேலை போட்ட வகை. ஓட்டின் நுனிகள் கீழிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதாம். கெபிப் பக்கத்துக் குழாயும் போய்விட்டது. கலியாணப் படம் எடுக்கும்போது மாதாவுக்குப் பக்கத்தில் குழாய் விழுகிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். குழாயைப் பின்மூலைக்கு மாற்றினார்கள். அறுபது அடி ஓட்டுக்கூரைக்கு ஒரேயொரு குழாய், அதுவும் பின்னால். "நீற்றா இருக்கு" என்றார் தலைவர். நான் அதைக் கூட்டறிக்கையில் "நேர்த்தியாக நிறைவேற்றப்பட்டது" என்று என் அழகான எழுத்தில் எழுதினேன்.

முதல் மாரியில் கெபிப் பக்கச் சுவரில் தேத்தண்ணீர் நிறத்தில் கோடுகள் இறங்கின. திருநாளுக்கு முன் பெயின்ட் அடித்து மறைத்தோம்.

இரண்டாம் மாரியில் கோடுகள் திரும்ப வந்தன, இம்முறை பச்சையும் கறுப்புமாகப் பாசியோடு. சுவரின் அடிப்பகுதி ஊறி, சாந்து உதிர்ந்தது. தலைவர் அடிப்பகுதியை மட்டும் பார்த்தார். குனிந்து பார்ப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது போலும்.

"இது நிலத்தீரம்" என்றார். "அத்திவாரத்துக்குள்ளால ஏறி வருது."

எல்லோரும் தலையாட்டினோம். மேசன் வந்து இடுப்பளவு உயரத்துக்குச் சாந்தைக் கொத்தியெடுத்து, நீர்புகாச் சீமெந்து பூசினார். அதன்மேல் றப்பர் மாதிரி இழுபடும் ஒரு விலை கூடிய பெயின்ட். மேலே சுவர் முழுவதற்கும் அதே பெயின்ட். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் கூரைக்குக் கீழே பன்னிரண்டு அடி உயரத்தில் எப்படிக் கோடு கிழிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனதில் அந்தக் கேள்வி வந்ததா என்று நேர்மையாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்தது. தேநீரும் வந்தது. தேநீரைக் குடித்தேன்.

அந்த மண்டபத்தில் காலையில் ஒரு முன்பள்ளி நடந்தது. இருபது சொச்சம் பிள்ளைகள், ஒரு டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டரில் வருவா. கிழக்குச் சுவரோடு, கெபிப் பக்கமாக, பிள்ளைகள் கை கழுவ ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதில் வழிகிற தண்ணீரில் பட்டிப்பூவும் செவ்வரத்தையும் நட்டிருந்தா. மழை நாட்களில் எங்கள் குழு வீட்டில் இருக்கும். டீச்சர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பா. எங்கள் ஆறு பேருக்கும் அவவுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்றாம் மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் றப்பர் பெயின்ட் கொப்பளித்தது. உள்ளங்கை அளவு கொப்பளங்கள். பிள்ளைகள் விரலால் அமுக்கினால் உள்ளேயிருந்து தண்ணீர் பீச்சியது. சுவருக்குள் மேலிருந்து இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயின்ட்டுக்குப் பின்னால் தேங்கி நின்றிருக்கிறது. தலைவர் டீச்சரைக் கூட்டத்துக்கு அழைத்தார். சுவரைப் பற்றிக் கேட்க அல்ல.

"டீச்சர், அந்தத் தண்ணிப் பைப்பைப் பிள்ளையள் திறந்துவிட்டிட்டுப் போகினம். பூக்கண்டுக்கும் நீங்கள் தண்ணி ஊத்துறீங்கள். அதுதான் சுவர் ஊறுது."

டீச்சர் கதிரையின் நுனியில் இருந்தா. மடியில் ஒரு துணிப்பை.

"இல்லை சேர். தண்ணி மேலயிருந்து வருது. நான் மூண்டு தரம் சொல்லிவிட்டனான். மழை பெய்யேக்க பீலிக்குப் பின்னால நிரம்பி, சுவரோட வழியுது."

"பீலி புதுசு."

"புதுசுதான் சேர். ஆனா வழியுது."

"நிலத்தீரம் எண்டிறது கண்ணுக்குத் தெரியாது, டீச்சர். அது ஒரு விஞ்ஞானம்."

"நான் கண்ணால கண்டதைத்தான் சொல்லுறன் சேர்."

தலைவர் அளவு நாடாவை மேசையில் வைத்தார். பங்குத் தந்தை கைத்தொலைபேசியைப் பார்த்தார். அவர் எங்கள் பங்குக்கு வந்து இரண்டு மாதம். சண்டைகளை விலகி நின்று பார்க்கும் பருவத்தில் இருந்தார். மற்றவர்களில் ஒருவர் சிரித்தார். "டீச்சருக்குப் பூக்கண்டில ஆசை" என்றார் இன்னொருவர். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினா. அவவுடைய தம்பிக்கு நான் படிப்பித்திருக்கிறேன். நான் பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அன்றைய தீர்மானத்தை இன்றைக்கும் சொல் மாறாமல் சொல்வேன்: "முன்பள்ளியின் நீர்ப் பாவனையே சுவர் பழுதுக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டதால், குழாயை அகற்றவும் செடிகளைப் பிடுங்கவும் தீர்மானிக்கப்பட்டது." கண்டறியப்பட்டது! யார் கண்டார், எதை அறிந்தார்?

அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயை வெட்டி, முனையை மூடினார்கள். பிள்ளைகள் கை கழுவ முற்றத்தைத் தாண்டிக் குசினிப் பக்கம் போக வேண்டியிருந்தது. மழைக்குள் ஒருத்தி வழுக்கி விழுந்து உதட்டைப் பிளந்துகொண்டாள். அவளுடைய தாய் டீச்சரைத்தான் ஏசினாள். மார்கழி விடுமுறைக்குப் பிறகு டீச்சர் வேலைக்கு வரவில்லை; முன்பள்ளிக்கு வேறொருவரைப் போட்டார்கள். இரண்டு வரிக் கடிதம் அனுப்பியிருந்தா. அதைக் கடிதக் கோவையில் போட்டவனும் நான்தான்.

தை மாதம் ஒரு காலை கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுக்க மண்டபத்துக்குப் போனேன். அலுமாரியைப் பூட்டிவிட்டு வெளியே வரும்போது வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தது. ஆனால் அந்த மழையில் குடை கையில் பிடிக்கும் ஒரு அலங்காரம்தான். கிழக்குப் பக்கம் வேலியோரம் நின்ற ஓட்டோக் கொட்டிலுக்குள் ஓடி ஒதுங்கினேன். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சுவர் முழுவதும் தெரியும்.

மூன்று வருடமாக நான் எழுதிய சுவர் அது. மழைக்குள் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஓட்டிலிருந்து தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பீலிக்குள் விழுந்தது. பின்மூலையில், இறங்குகுழாயின் கீழ்வாயில், தடிமன் பிடித்தவனின் மூக்கு மாதிரிச் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தது. குழாய்க்குக் கீழே கானில் ஓட்டமே இல்லை. ஆனால் மறுபக்கத்தில், கெபிப் பக்கம், குழாய் இல்லாமல் மூடி போட்டு அடைத்திருந்த மூலையில், பீலி நிரம்பித் ததும்பியது. முன்விளிம்பு உயரம் என்பதால் தண்ணீர் வெளியே விழ வழியில்லை. அது பின்விளிம்பால் ஏறி, பீலி பொருத்தியிருந்த பலகைக்கும் பீலிக்கும் நடுவால் இறங்கி, ஒரு சாண் தூரத்தில் இருந்த சுவரில் காற்றால் அறையப்பட்டு, சுவரோடு வழிந்தது. மண்ணிறம். பீலிக்குள் தேங்கி உக்கிய வாகைச் சருகின் சாயம், ஓட்டுத் தூள், பாசி, காக்காய் எச்சம் எல்லாம் கரைந்த கஷாயம். அது கீழே விழுந்து கொங்கிறீற்றில் தெறித்து, சுவரின் அடியை முழங்காலளவு நனைத்தது. தலைவர் குனிந்து கண்டுபிடித்த நிலத்தீரம் அதுதான்.

வெட்டிய தண்ணீர்க் குழாயின் மூடிய முனை அந்த நனைவுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அதிலிருந்து இரண்டு மாதமாக ஒரு சொட்டும் வரவில்லை. சுவர் முன்னையைவிட மோசமாக இருந்தது.

எனக்கு முதலில் கோபம் வந்தது தலைவர்மேல். மழை விடுவதற்குள் அது இடம் மாறிவிட்டது. அவர் முட்டாள். முட்டாள்தனத்துக்கு அவர் கூலி எதுவும் வாங்கவில்லை, இலவசமாகவே செய்தார். ஒருத்தி கண்டதைச் சொல்லும்போது பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தவனை என்ன சொல்வது?

முஸ்லிம்கள் வாழும் பக்கத்து ஊர் கிண்ணியாவில் ஒரு பீலிக்காரரைத் தெரியும் என்று என் ஓட்டோக்காரர் சொன்னார். முன்பு தகரம் வெட்டிப் பீலி மடித்தவர், இப்போது பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார். பங்குத் தந்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு அவரை அழைத்தேன். மழை விட்ட ஒரு சனிக்கிழமை, ஏணியோடும் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு நீண்ட பிளாஸ்டிக் ட்யூப்போடும் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். முதலில் சுவரைப் பார்த்தார், பீலியை அல்ல.

"மாஸ்டர், கறை எங்க தொடங்குது?"

"மேல."

"எங்க அகலம் கூட?"

"மேலதான். கீழ வர வர ஒடுங்குது."

"அப்ப நிலத்துல இருந்து எப்பிடி வரும்? நிலத்தீரம் எண்டா கீழ இருந்து இடுப்புக்கு ஏறும், சுவரு முழுக்க ஒரே மட்டமா நிக்கும். இது ஊத்தின தண்ணி." சிரிக்கவில்லை. "ஆரு நிலத்தீரம் எண்டது?"

"எங்கட தலைவர்."

"பெரிய ஆக்கள் சொன்னா சொன்னதுதான்" என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. நான் அதை நம்பவில்லை.

ஏணியில் ஏறி, பீலியின் நடுப்பகுதியில் சருகை அள்ளி எறிந்தார். ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் பீலியின் ஒரு கோடியில் கட்டிவிட்டு, மறுகோடியில் மறுமுனையைத் தான் பிடித்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து பீலி எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். கெபிப் பக்கம் இரண்டரை அங்குலம் பள்ளம். குழாய் இருந்த பின்பக்கம் மேடு.

"பழைய பீலி இந்தப் பக்கமாத்தான் ஓடியிருக்கு மாஸ்டர். பழைய கோட்டிலேயே புதுசப் போட்டிருக்காங்க. குழாய மட்டும் அந்தப் பக்கம் தூக்கி வெச்சிருக்காங்க. தண்ணி பாவம், அதுக்கு எப்பிடித் தெரியும் குழாய் மாறினது?"

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. கேற்றிலிருந்தே அளவு நாடாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஆரைக் கேட்டு ஏணி வைச்சனீங்கள்?"

"ஃபாதரிட்டச் சொன்னனான்" என்றேன்.

"குழுவில தீர்மானம் இல்லை."

பீலிக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, பின்மூலைக் குழாயின் அடி வளைவைக் கழற்றினார். உள்ளேயிருந்து தும்பும் பஞ்சும் கிழிந்த துணியும் திரண்ட ஒரு கட்டி விழுந்தது. அணில் கூடு. ஓரம் மட்டும் நனைந்து, உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது. வாடை மழைக்கு நடுவில், மழைத் தண்ணீர் போகவேண்டிய குழாய்க்குள், ஒரு அணில் சுகமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. அந்தக் குழாயைப் பற்றி அதற்குமேல் சாட்சி தேவையில்லை என்று நினைத்தேன்.

தலைவருக்கு அந்தக் கூட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! அணில் அடைச்சிருக்கு. அதுதான் தண்ணி போகேல்லை. பீலியில ஒரு பிழையும் இல்லை."

ஒரு மணி நேரத்துக்கு முன்வரை அது பிள்ளைகள் கை கழுவிய தண்ணீர். அதற்கு முன் நிலத்தீரம். இப்போது அணில். அவருக்குப் பிழை செய்யாத உயிர் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

பீலிக்காரர் குழாயைத் தட்டிக் காட்டினார். அடியிலிருந்து மேலே வெளிச்சம் தெரிந்தது. பின் ஒரு வாளித் தண்ணீரோடு ஏறி, அதைக் குழாய்ப் பக்கமாக, துவாரத்திலிருந்து இரண்டு முழத்தில், மெதுவாக ஊற்றினார். திறந்து கிடந்த குழாய்க்குள் ஒரு குவளை அளவும் போகவில்லை. மற்றத் தண்ணீரெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கெபிப் பக்கம் ஓடியது. இரண்டாவது வாளி. மூன்றாவது. ஆறாவதில் கெபிப் பக்கத்தில் ததும்பி, பின்விளிம்பால் இறங்கி, எங்கள் மூவரின் கண் முன்னால் சுவரில் ஒரு மண்ணிறக் கோடு கிழித்தது.

"அணில் இல்ல சேர்" என்றார் ஏணியின் மேலிருந்து.

தலைவர் கோட்டைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் "பிழை என்ர" என்று சொல்லியிருந்தால் மூன்று வருடத்தையும் நான் மறந்திருப்பேன். அவர் நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உந்த வேலை செய்தவன் சரிவு பாக்கேல்லை. நான் அப்பவே சொன்னனான்" என்றார். ஒருவருக்கும் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எழுதுகிறவன் நான். எனக்குத் தெரியும்.

அவர் போனபின் பீலிக்காரர் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். நடுவை மேடாக வைத்து இரண்டு பக்கமும் சரிவு, பத்தடிக்கு அரை அங்குலமாவது. இரண்டு மூலையிலும் ஒவ்வொரு குழாய். இவ்வளவு பெரிய கூரைக்கு ஒன்று காணாது. முன்விளிம்பு பின்விளிம்பைவிடப் பதிந்த பீலி.

"பீலி எண்டா ஒரு நாளைக்கு நிரம்பத்தான் செய்யும் மாஸ்டர். சருகு விழும், பேய் மழை பெய்யும். நிரம்பினா வெளிய விழணும், வீட்டுப் பக்கம் விழக்கூடாது. அவ்வளவுதான் தொழில்."

கடைசி வரி ஓட்டுக்குக் கீழே ஒரு தகரப் பட்டி செருகி, அதன் நுனியைப் பீலிக்குள் மடித்துவிடவேண்டும் என்றும் சொன்னார். அப்போது ஓட்டின் அடியால் திரும்பி ஓடும் தண்ணீரும் பலகையில் படாது. வருடத்துக்கு இரண்டு முறை, மாரிக்கு முன்னும் நடுவிலும், சருகு அள்ளவேண்டும்.

"சுவர்?"

"சுவர விடுங்க. அந்த றப்பர் பெயின்ட்டச் சுரண்டி எடுத்துட்டு, வெயில் காயவிடுங்க. காயாம ஆரும் தூரிகையோட வந்தா அடிச்சுத் துரத்துங்க."

பங்குத் தந்தை அந்தக் கிழமையே வேலையைத் தொடங்கச் சொன்னார். குழுவைக் கேட்கவில்லை. அவர் விலகி நிற்கும் பருவம் முடிந்துவிட்டது போலும். நான்கு நாளில் வேலை முடிந்தது. கெபிப் பக்கம் மறுபடி ஒரு குழாய் இறங்கியது. மாதாவுக்கு அதனால் எந்தச் சங்கடமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிறு பின்னேரம் பாலையூற்றுக்குப் போனேன். டீச்சர் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழுந்து, கதிரை எடுத்துப் போட்டா. அந்த மரியாதை எனக்குக் கூசியது.

"டீச்சர், நீங்கள் சொன்னது சரி. தண்ணி மேலயிருந்துதான் வந்திருக்கு."

"ஓம் மாஸ்டர்" என்றா. நான் புதிதாக ஒன்றும் சொல்லாததுபோல.

"பீலியைத் திருத்தியாச்சு."

"நல்லது. தண்ணிப் பைப்?"

அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பீலி, சரிவு, முன்விளிம்பு எல்லாம் இரண்டு கிழமையாக என் வாயில் ஓடின. பிள்ளைகள் இப்போதும் முற்றம் தாண்டிப் போகிறார்கள் என்பது நினைவில் இல்லை.

"இன்னும் போடேல்லை" என்றேன்.

"உங்கட புத்தகத்தில என்ன எழுதியிருக்கு மாஸ்டர்? நான் தண்ணி ஊத்தித்தான் சுவர் பழுதெண்டுதானே இருக்கு?"

"ஓம்."

"அது அப்பிடியே இருக்குதோ?"

"இருக்கு."

அவ ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தா. சரி போட்டுக் கொடுத்தா. பிறகு என்னைப் பார்த்து, கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னா: "அண்டைக்கு மற்ற ஆக்கள் சிரிச்சவை. அவைக்குத் தெரியாது, சிரிச்சவை. உங்களைத்தான் நான் பாத்தனான். உங்களுக்கு என்னில நம்பிக்கை இருந்தது எண்டு முகத்தில தெரிஞ்சது. பிறகு குனிஞ்சு எழுதினீங்கள்."

தேநீர் தந்தா. மறுக்க முடியாமல் குடித்தேன். திரும்பி வர ஏலுமா என்று கேட்டேன். ஏலாது என்றா. இங்கேயே பிள்ளைகள் சேர்கிறார்களாம். வரும் வழியில் என்மேல் எனக்கு இருந்த மதிப்பு, முன்பும் பெரிதாக இல்லாதது, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

அடுத்த நாள் ஒரு குழாய்வேலைக்காரரை அழைத்து, தண்ணீர்க் குழாயைப் பழைய இடத்தில் போடுவித்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. வெட்டுவதற்குத் தீர்மானம் தேவைப்பட்டது. பூட்டுவதற்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

மாசி மாதக் கூட்டத்தில் தலைவர் முதலில் பேசினார். அணில் கூட்டால் ஏற்பட்ட அடைப்பு அகற்றப்பட்டு, பீலி மேம்படுத்தப்பட்டது என்று எழுதச் சொன்னார். "மேம்படுத்தப்பட்டது" என்ற சொல்லில் அவருக்குப் பிரியம்.

"அப்பிடி எழுத ஏலாது" என்றேன்.

குழுவில் ஒருவர் இருமினார். மூன்று வருடத்தில் நான் சொன்ன முதல் மறுப்பு அது. அறுபத்திரண்டு வயதில், ஆறு பேர் முன்னால், ஒரு பீலிக்காக.

நான் எழுதிக் கொண்டுவந்திருந்ததை வாசித்தேன். முன்பள்ளியின் நீர்ப் பாவனை காரணம் என்று முன்பு எழுதியது பிழை. குழாய் இடம் மாறியபோது பீலியின் சரிவு மாற்றப்படாததாலும், முன்விளிம்பு உயர்ந்த பீலி போட்டதாலும், கூரையோரம் வெட்டப்பட்டதாலும் தண்ணீர் சுவரில் வழிந்தது. டீச்சர் இதை மூன்று முறை சொன்னா. குழு கேட்கவில்லை. செயலாளரும் கேட்கவில்லை.

"இது ஒழுங்குக்குப் புறம்பானது" என்றார் தலைவர். "செயலாளர் தன்ர சொந்தக் கருத்தை எழுதக்கூடாது."

"சொந்தக் கருத்து எது சேர்? ஆறு வாளித் தண்ணி ஊத்தேக்க நீங்களும் நிண்டனீங்கள்."

"அந்த ஆள் கிண்ணியாவில இருந்து வந்து..."

"கிண்ணியாவில இருந்து வந்தா தண்ணி வேற பக்கம் ஓடுமோ?"

பங்குத் தந்தை அப்போதுதான் தலை நிமிர்ந்தார். வாசித்ததை அப்படியே புத்தகத்தில் ஒட்டச் சொன்னார். ஒரு பிரதியைத் தன் கையொப்பத்தோடு டீச்சருக்கு அனுப்பச் சொன்னார். வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால் தோற்றிருப்பேன், டீச்சரின் பூக்கண்டுக்குச் சிரித்தவர்கள் அப்போதும் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் புத்தகத்தையும் அலுமாரிச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு விலகினேன். இப்போது செயலாளராக இருப்பவர் ஒரு இளம் வங்கி ஊழியர். கணினியில் தட்டுகிறார். எழுத்து எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்தளவில் அது ஒரு முன்னேற்றம்.

சுவர் வைகாசி வரை சுரண்டியபடியே நின்றது, மொட்டையாக, பார்க்க அசிங்கமாக. திருநாளுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை என்று தலைவர் பலரிடம் குறைப்பட்டார். நன்றாகக் காய்ந்தபின் சாதாரணச் சுவர்ப் பெயின்ட் அடித்தார்கள். அடுத்த மாரி போனது. கோடு இல்லை, கொப்பளம் இல்லை. ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது, தலைவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரைக் கிழக்குச் சுவருக்கு அழைத்துக்கொண்டு போய், கையால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நிலத்தீரம் பெரிய பிரச்சினையா இருந்தது" என்று சொல்வது கேட்டது. "நாங்கள் சயன்ஸ் முறையில செய்து நிப்பாட்டினம்."

வந்தவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர்களைக் கடந்து சாப்பாட்டுப் பக்கம் போனேன். திருத்துவதற்கு ஒரு அளவு இருக்கிறது.